விவேகமுள்ளவரைத் தெரிவது எப்படி: வயதா, வினாக்கொத்தா, வாய்விட்டு யோசிக்க வைப்பதா?

வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக எங்கள் நலன்புரிச் சங்கத்துக்கு ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. அங்கே சனிக்கிழமை தோறும் ஒரு மேசை போடுவதென்று முடிவானது. குடும்பச் சிக்கலோடு வருபவர்கள் உட்கார்ந்து மனம்விட்டுக் கதைக்கலாம். பிணக்கு என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, நோய் என்றால் வைத்தியர் இருக்கிறார். இரண்டுமில்லாத, "என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை" என்று வருபவர்களுக்குத்தான் இந்த மேசை. கேட்டிருக்க 17 பேர் பெயர் கொடுத்தார்கள். தேவை 6 பேர். செயற்குழுவின் முதல் வரைவில் ஒரேயொரு தகுதிதான் இருந்தது: 55 வயதுக்கு மேற்பட்டிருக்க வேண்டும்.

நான் உளவியல் படித்து உளவளத்துணை வேலையில் இருப்பவள் என்பதால் வரைவு என்னிடம் வந்தது. விவேகத்தை ஆராய்பவர்கள் அதை எப்படி அளக்கிறார்கள், அந்த வழிகளில் எது எங்களுக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி தலைவர் ஐயா கேட்டார். அவருக்குச் சொன்னதையும், செய்து பார்த்தபோது கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல். ஞானம் என்றால் நம் மனம் சாமியாரிடம் போய்விடும். அறிவு என்றால் படிப்பு, புத்தி என்றால் கெட்டித்தனம். உளவியலாளர் தேடுவது இவை மூன்றும் அல்ல. சரியான விடை ஒன்று இல்லாத வாழ்க்கைச் சிக்கலில், பல பக்கத்தையும் பார்த்து, தனக்குத் தெரியாதது எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்து, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நல்லதை நோக்கி யோசிக்கும் திறனைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். இதற்கு விவேகம் என்ற சொல்லே கிட்ட வருகிறது.

வயதை வைத்துத் தெரிவதுதான் செலவில்லாத வழி. அடையாள அட்டையைப் பார்த்தால் போதும். நம் மரபும் அந்தப் பக்கமே நிற்கிறது. இளைஞன் என்ன தீர்ப்புச் சொல்வான் என்று தயங்கிய முதியவர்களுக்காகக் கரிகாலன் நரைமுடி அணிந்து வந்து வழக்குத் தீர்த்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் கதையை நன்றாகக் கவனித்தால், தீர்ப்பைச் சொன்னது நரை அல்ல. நரை, கேட்பவர்களின் நம்பிக்கைக்காக வைத்தது. எங்கள் மேசைக்கும் அந்த நம்பிக்கை வேண்டும்தான், அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் நம்பிக்கை தரும் முகமும் நல்ல யோசனையும் ஒரே ஆளிடம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

உளவியலிலும் எரிக் எரிக்சன் வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கடைசிக் கட்டத்தில் வந்து சேரும் பண்பு விவேகம் என்றார். அதை முதன்முதலில் விரிவாகச் சோதித்தவர்கள் பேர்லினிலுள்ள மக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போல் பால்டஸும் ஊர்சுலா ஸ்டவுடிங்கரும் அவர்களுடைய குழுவினரும். 1980களில் தொடங்கிய வேலை அது. அவர்கள் கண்டது பலருக்கு ஏமாற்றம். 14, 15 வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை புள்ளி ஏறுகிறது. அதற்குப் பிறகு, ஏறத்தாழ 20 முதல் 75 வரை, சராசரியாகப் பார்த்தால் கோடு சமதரையாகவே போகிறது. வயது போகப் போக விவேகம் குறைவதும் இல்லை, தானாகக் கூடுவதும் இல்லை.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பின்னர் பணியாற்றிய இகோர் குரொஸ்மன் வேறு படத்தைக் காட்டினார். 2010இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 247 பேருக்கு, தஜிகிஸ்தான் போன்ற தூர நாடுகளில் இரு சமூகங்களுக்கிடையே நடக்கும் முரண்பாடு பற்றிய செய்திகளைக் கொடுத்து, இனி என்ன நடக்கும், ஏன் என்று கேட்டார்கள். அங்கே 60 தாண்டியவர்கள் இளையவர்களை விட நன்றாக யோசித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜப்பானியரையும் சேர்த்துப் பார்த்தபோது கதை மாறியது. அமெரிக்காவில் வயதோடு புள்ளி ஏறியது. ஜப்பானில் இளையவர்களே முதலிலிருந்து உயரமாக நின்றார்கள், வயதால் வந்த ஏற்றம் சிறிது. ஆக, வயதோடு விவேகம் வருமா என்ற கேள்விக்கு விடை, எந்த ஊர், எந்தப் பணி, எந்த அளவுகோல் என்பதைப் பொறுத்தது.

இதில் இன்னொரு சிக்கல் எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்தும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஆளை முப்பது வருடம் பின்தொடர்ந்தவை அல்ல. ஒரே காலத்தில் 25 வயதுக்காரரையும் 70 வயதுக்காரரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவை. அப்படி ஒப்பிடும்போது வயது மட்டுமா வேறுபடுகிறது? 1983 யூலையில் இருபது வயதாக இருந்து கொழும்பில் வீட்டை இழந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவர்களிடம் ஒரு நிதானம் தெரிந்தால் அது அறுபது வயதின் நிதானமா, அந்த யூலையின் நிதானமா? இரண்டையும் பிரித்தெடுக்க அந்தக் கணக்கால் முடியாது. அதே யூலையைக் கண்டவர்களில் சிலர் இறுகிப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அனுபவம் வந்தால் போதாது, அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து, தன் பிழையையும் அதில் காணுகிறவருக்கே அது விவேகமாகிறது என்பதுதான் ஒஸ்திரியாவில் இதை ஆராயும் யூடித் குளூக் போன்றவர்களின் விளக்கம். 55 வயது என்ற வாசலை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். அது மூத்தவர்களுக்கு எதிரானதல்ல, வாசலில் நிற்பது தவறான காவலாளி என்பதுதான்.

அடுத்தது வினாக்கொத்து. இதில் பெயர்பெற்றது புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் மொனிக்கா ஆர்டெல்ட் 2003இல் வெளியிட்ட முப்பரிமாண விவேக அளவுகோல். 39 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. அவர் விவேகத்தை மூன்றாகப் பார்க்கிறார்: உண்மையை ஆழமாக அறிய விரும்பும் சிந்தனை, தன்னையே விலகி நின்று பார்க்கும் நிலை, பிறர் மீதான பரிவு. நான் விவேகியா என்று நேரே கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்பது அதன் கெட்டித்தனம். தம்மை நினைத்தே கவலைப்பட்டுக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எரிச்சல் வருமா என்பது போன்ற கூற்றுகள் நிறைய. ஆமென்றால் புள்ளி குறையும்.

அரை மணி நேரத்தில் 17 பேருக்கும் முடித்துவிடலாம் என்பது பெரிய வசதி. ஆயிரக்கணக்கானோரை ஆராய்பவருக்கு இதை விட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் ஆளைத் தெரிவதற்கு இதைப் பயன்படுத்தும்போது அடிப்படையிலேயே ஒரு கோணல் உண்டு. விவேகத்தின் ஒரு பங்கே தன் குறையை அறிவது. குறையை அறிந்தவர் தமக்குக் குறைத்துப் போடுவார், அறியாதவர் அள்ளிப் போடுவார். ஒரே ஆட்களுக்குப் பல அளவுகோல்களையும் கொடுத்துப் பார்த்தபோது, வினாக்கொத்துகள் தங்களுக்குள் ஓரளவு ஒத்துப்போவதும், வாய்விட்டு யோசிக்க வைக்கும் பேர்லின் முறையோடு அவ்வளவாக ஒத்துப்போகாததும் தெரிந்திருக்கிறது. இரண்டும் ஒரே பெயரால் வேறு எதையோ அளக்கின்றன.

எங்கள் மண்டபத்திலேயே அது கண்ணுக்குத் தெரிந்தது. சில கூற்றுகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். கருத்து வேறுபாடு வந்தால் முடிவெடுக்க முன் எல்லாருடைய பக்கத்தையும் பார்க்க முயல்வேன் என்பது ஒன்று. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், 72 வயது, நிமிர்ந்து பார்க்காமலே 5 போட்டார். தையல்கடை வைத்திருக்கும் 41 வயது அக்கா பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்துவிட்டு 3 போட்டார். ஏன் என்று கேட்டேன். "எல்லா நேரமும் இல்லையே, பிள்ளை. போன கிழமைகூட மகளின்ர கதையைக் கேளாமலே கத்தினனான்" என்றார். புள்ளியில் அவர் தோற்றார். அந்த வார்த்தையில் எனக்கு வேண்டியது இருந்தது, ஆனால் வினாக்கொத்தில் அதை எழுத இடமில்லை.

மூன்றாவது வழி பேர்லின் முறை. ஒருவருக்கு வாழ்க்கைச் சிக்கல் ஒன்றைச் சொல்லி, என்னவெல்லாம் யோசிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று வாய்விட்டு யோசிக்கச் சொல்வார்கள். பதில் ஒலிப்பதிவாகி எழுத்தாகும். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் ஐந்து அளவைகளில் 1 முதல் 7 வரை புள்ளியிடுவார்கள். அங்கே ஓர் அளவைக்கு இருவராகப் பத்துப் பேர். ஒருவர் ஒரு அளவையை மட்டும் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: ஒன்றில் மயங்கிய கண் மற்ற நான்கிலும் அள்ளிக்கொடுக்கும்.

அவர்கள் கொடுத்த சிக்கல்களில் பிரபலமானது, 15 வயதுப் பெண் ஒருத்தி உடனே கல்யாணம் செய்ய விரும்புகிறாள் என்பது. கூடவே கூடாது என்று ஒரு வரியில் முடித்தவர்களுக்குக் குறைந்த புள்ளி. பொதுவாக நல்லதல்ல, ஆனாலும் அவள் தாய் தகப்பனை இழந்தவளா, நோயாளியா, வேறொரு பண்பாட்டில் வாழ்பவளா என்று விரிந்தவர்களுக்குக் கூடிய புள்ளி. இதை நாங்கள் எடுக்கவில்லை. நம் நாட்டின் பொதுத் திருமணச் சட்டத்தில் குறைந்த வயது 18. எங்கள் மேசைக்கு அப்படி ஒரு பெண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிள்ளையின் பாதுகாப்பு. இங்கே ஒரு வரியில் கூடாதென்பவர் விவேகம் குறைந்தவர் என்று சொல்ல நான் தயாரில்லை. ஓர் ஊரில் செய்த சிக்கலை இன்னோர் ஊரில் அப்படியே இறக்கினால், அது வேறொன்றை அளந்துவிடும்.

அதனால் இங்கே நடக்கிற ஒன்றை எழுதினோம். கணவர் இறந்து எட்டு மாதமான 66 வயதுப் பெண். ரொறன்ரோவிலுள்ள மகன், வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டை விற்றுவிட்டுத் தன்னிடம் வரச் சொல்கிறார். தெஹிவளையிலுள்ள மகள் விற்க வேண்டாம் என்கிறார். அவர் என்ன யோசிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

வங்கி ஐயாவின் பதில் தடையில்லாமல் வந்தது. "விக்கிறதுதான் சரி. முதல்ல உறுதியைப் பாக்கோணும், ஆற்றை பேரில இருக்கெண்டு. பராமரிப்புக் காசு நிலுவை இருந்தா விற்பனை இழுபடும். மகனுக்கு அற்றோர்னித் தத்துவம் குடுக்கப்படாது, அவவே கையெழுத்து வைக்கோணும். காசை வெளிநாட்டுக்குக் கொண்டு போறதுக்கு வங்கியில முறை இருக்கு. பொம்பிளை தனிய இருக்கேலாது. மகன் கூப்பிட்டாப் போறதுதான் எங்கட முறை."

தையல்கடை அக்கா நிறைய இடைவெளி விட்டுக் கதைத்தார். "எட்டு மாசம்தானே ஆச்சு. இப்ப எடுக்கிறது அவவின்ர முடிவோ, அவவின்ர துக்கம் எடுக்கிற முடிவோ எண்டு தெரியாது. மகன் ஏன் கூப்பிடுறார்? பாசத்திலயோ, அங்க பேரப்பிள்ளையளைப் பாக்க ஆளில்லையெண்டோ? ரெண்டும் இருக்கலாம், ரெண்டும் பிழையில்லை. மகள் வேண்டாமெண்டிறதுக்கும் ஒரு காரணம் இருக்கும். வீட்டைப் பூட்டிப்போட்டு ஒரு குளிர்காலம் அங்க இருந்து பாக்கட்டும். வித்த வீட்டைத் திருப்பி வாங்கேலாது. நான் சொல்லுறது பிழையாவும் போகலாம், அவவுக்கு என்ன வருத்தம் இருக்கெண்டு எனக்குத் தெரியாதுதானே."

பெயர், வயது, தொழில் எல்லாம் அகற்றி மதிப்பீட்டாளர்களிடம் எழுத்தில் கொடுத்தோம். வாழ்க்கை பற்றிய தகவல் என்ற முதல் அளவையில் ஐயாவுக்கு 6, அக்காவுக்கு 3. அவருக்கு உறுதி பற்றியோ விசா பற்றியோ ஒன்றும் தெரியாது. எப்படிச் செய்வது, எப்போது, யாரிடம் கேட்பது என்ற இரண்டாவதில் ஐயாவுக்கு 5, அக்காவுக்கு 4. மூன்றாவது, அந்த ஆள் வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில், எந்த உறவுகளுக்கு நடுவில் நிற்கிறார் என்பதைப் பார்ப்பது: ஐயாவுக்கு 2, அக்காவுக்கு 6. அந்த எட்டு மாதத்தை ஐயா தொடவே இல்லை. நான்காவது, மற்றவர்களுக்கு வேறு மதிப்பீடுகள் இருக்கலாம் என்பதை ஏற்பது: ஐயாவுக்கு 2, அக்காவுக்கு 5. ஐந்தாவது, நிச்சயமின்மையை அறிந்து அதற்கேற்ப நடப்பது: ஐயாவுக்கு 1, அக்காவுக்கு 6. சராசரி 3.2, 4.8. பேர்லின் ஆய்வுகளில் 5ஐத் தாண்டிய பதில் அரிது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அக்காவின் பதில் நல்ல பதில், அபூர்வமான பதில் அல்ல.

இதைப் படித்துவிட்டு இளையவர் வென்றார் என்று எடுத்துவிடக் கூடாது. 17 பேரில் மிகக் கூடிய சராசரி எடுத்தவர் 69 வயது ஆச்சி, மிகக் குறைந்தவர் 29 வயதுத் தம்பி. வயதால் அடுக்கிப் பார்த்தேன், ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. இத்தனை சிறிய கூட்டத்திலிருந்து யாரும் எதையும் நிறுவ முடியாது, அடையாள அட்டை எங்களுக்குத் துணைபோகாது என்பதற்கு மட்டும் அது போதும்.

இந்த முறையில் எங்கே சறுக்கும்? நேரத்தில்தான் முதலில். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் போகிறது. ஆளுக்கு இரண்டு சிக்கல், 34 பதிவுகள். இரண்டாவது, நீளமான பதில் கண்ணை மயக்குகிறது. ஒருவர் மூன்று பக்கம் பேசியிருந்தார். முதல் வாசிப்பில் 5 போட்ட நானே, மற்ற மதிப்பீட்டாளர் 3 போட்டதைக் கண்டு திரும்ப வாசித்தபோது, ஒரே அறிவுரை நான்கு உடுப்பில் வந்திருந்தது தெரிந்தது. இருவருக்கிடையே 2 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால் பதிலைத் திரும்ப எடுத்து வாசிப்பதென்று அதன் பிறகு வைத்துக்கொண்டோம். மூன்றாவது, பெயரை அகற்றினாலும் "எங்கட காலத்தில" என்ற ஒரு சொல்லில் வயது வெளியே வந்துவிடும். அவற்றையும் நீக்க வேண்டியிருந்தது.

நான்காவது வழி, ஆளுடைய சொந்தச் சச்சரவையே நினைவுபடுத்திக் கேட்பது. குரொஸ்மன் குழுவினர் 2018இல் வெளியிட்ட அளவுகோல் இப்படிப்பட்டது. அண்மையில் யாரோடாவது வந்த மனத்தாங்கல் ஒன்றை எடு, அது எந்த நாள், எங்கே, என்ன நினைத்தாய் என்று முதலில் அந்த இடத்துக்கே திரும்பக் கூட்டிப் போவார்கள். அதன் பிறகே, அந்த நேரம் மற்றவரின் இடத்திலிருந்து பார்த்தாயா, நடுவழி தேடினாயா என்று 21 கேள்விகள். பொதுவாக நான் எப்படிப்பட்டவன் என்று கேட்பதை விட, அந்த ஒரு நாள் என்ன செய்தேன் என்று கேட்பதில் தன்னைப் புகழ இடம் குறைவு.

இதை முழுதாகச் செய்யாமல், நினைவுபடுத்தும் பகுதியை மட்டும் எடுத்து எல்லாரையும் கதைக்க வைத்தேன். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தையல்கடை அக்கா, நாத்தனாரோடு வந்த நகைப் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கியதும் ஆளே மாறினார். அவ அப்படித்தான், எப்பவுமே அப்படித்தான், இனிக் கதைக்க ஒண்டுமில்லை. நாத்தனாரின் பக்கம் ஒரு வசனம்கூட வரவில்லை.

இதற்கு ஆய்வுலகில் பெயரே இருக்கிறது: சாலமோன் முரண். ஊராருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன அரசன் தன் வீட்டைக் கோட்டைவிட்ட கதை. ஈதன் குரொஸும் குரொஸ்மனும் 2014இல் காட்டியது, நண்பரின் துணை ஏமாற்றியதாகக் கற்பனை செய்பவர் தன் துணை ஏமாற்றியதாகக் கற்பனை செய்பவரை விட விவேகமாக யோசிக்கிறார் என்பது. 60 முதல் 80 வயதுக்காரரிடமும் இந்த இடைவெளி 20 முதல் 40 வயதுக்காரரைப் போலவே இருந்தது. தன் பிரச்சினையை வெளியாள் ஒருவரின் கண்ணால் பார்க்கச் சொன்னபோது இடைவெளி மூடியது. வயது தராத ஒன்றை, நிற்கும் இடத்தைச் சற்று மாற்றுவது தந்தது.

ஆகவே எங்கள் தெரிவு இப்படி வந்தது. மேசைக்கு வருபவை பிறர் பிரச்சினைகள். அதனால் வாய்விட்டு யோசிக்கும் முறையையே முதன்மையாக வைத்தோம். வினாக்கொத்தை விட்டோம். 55 என்ற வரியை வெட்டினோம். சொந்தச் சச்சரவுக் கதையைப் புள்ளியிடப் பயன்படுத்தவில்லை, யாருக்கு எங்கே மனம் சுடுகிறது என்று அறிய வைத்துக்கொண்டோம். நாத்தனார் பிரச்சினையோடு யாராவது வந்தால் அந்த அக்கா எழுந்து வேறொருவருக்கு இடம் விடுவார். அவரே கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

இன்னொன்றும் சேர்த்தோம். ஸ்டவுடிங்கரும் பால்டஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலைத் தமக்கு நெருங்கிய ஒருவரோடு கதைத்து, பிறகு தனியே சிறிது நேரம் யோசித்துப் பதில் சொன்னவர்களின் புள்ளி தெளிவாக உயர்ந்தது. கதைத்த கையோடு பதில் சொன்னவர்களிடம் அந்த உயர்வு இல்லை. எனவே மேசையில் எப்போதும் இருவர் இருப்பார்கள். வந்தவர் சொல்லி முடித்ததும் இருவரும் அவர் முன்னிலையிலேயே கதைத்துவிட்டு, ஐந்து நிமிடம் தேத்தண்ணி நேரம். அதன் பிறகே வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வங்கி ஐயா அந்த ஆறு பேரில் இல்லை. அதை நேரில் போய்ச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உறுதி, வங்கிக் காசு சம்பந்தமாக யாரும் வந்தால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த ஆச்சிக்குப் பக்கத்தில் அவர் இருக்கிறார். ஆறு மாதத்தில் எல்லாரையும் புதிய சிக்கல் ஒன்றோடு மீண்டும் பார்ப்போம். ரொறன்ரோக் கதையை இனிப் பயன்படுத்த முடியாது, அது இதற்குள் வெள்ளவத்தை முழுக்கப் போய்விட்டது.